குழுப் படத்தில் எல்லா முகமும் தெரிய வேண்டுமென்றால்

கல்யாண மண்டப மேடையில் எடுத்த குழுப் படங்களைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். ஒரு படத்தில் பெண் வீட்டார் பளிச்சென்று இருப்பார்கள், மாப்பிள்ளையின் சித்தப்பா நிற்கும் இடத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். அடுத்த படத்தில் சித்தப்பா நன்றாக வந்திருப்பார், ஆனால் பெண்ணின் நெற்றியும் கன்னமும் வெளிறிப்போய் மூக்கின் வடிவமே காணாமல் போயிருக்கும். "அவர் கறுப்பு, அதனால படத்தில் விழல" என்று யாராவது சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அது உண்மையில்லை. கறுத்த நிறம் படத்தில் மிக நன்றாகவே விழும். தனியாக நிற்க வைத்து எடுத்தால் இதே சித்தப்பா அழகாக வருவார். சிக்கல் எல்லோரும் சேர்ந்து நிற்கும்போதுதான் வருகிறது.

காரணம் எளிது. ஒரு படத்துக்கு ஒரே ஒரு எக்ஸ்போஷர்தான். ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் சேர்ந்து எவ்வளவு வெளிச்சத்தைப் பதிவது என்று முடிவு செய்கின்றன, அந்த முடிவு படத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொது. பந்திக்கு வைத்த ஒரே அண்டா சாம்பாரில் ஒருவருக்கு மட்டும் உப்பைக் கூட்ட முடியாது, அது போல. தனித்தனியாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் கேமராவுக்கு வெளியே, அவர்கள் மீது விழும் வெளிச்சத்தில்தான் செய்ய வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில், வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வோம். புகைப்படக்காரர்கள் வெளிச்சத்தை 'ஸ்டாப்' கணக்கில் பேசுவார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, ஒரு ஸ்டாப் குறைந்தால் பாதி. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். அதாவது விழுகிற வெளிச்சத்தில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள். நல்ல சிவந்த தோல் அதைப் போல இரண்டு மடங்கு, சுமார் 35 சதவீதம் திருப்பி அனுப்பும். சாம்பலைவிட ஒரு ஸ்டாப் மேலே. மாநிறம் அந்தச் சாம்பலுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும். நல்ல கறுத்த தோல் 8 சதவீதம் அல்லது அதற்கும் கீழே, ஒன்றேகால் ஸ்டாப்போ அதற்கு மேலோ குறைவு. ஆகக் குழுவில் மிகச் சிவந்தவருக்கும் மிகக் கறுத்தவருக்கும் இடையே இரண்டிலிருந்து மூன்று ஸ்டாப் வரை இடைவெளி வரும்.

இது பெரிய இடைவெளியா என்றால், இல்லை. இன்றைய கேமராக்களின் சென்சார், பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா கோப்பில் 12 ஸ்டாப் வரைக்குமோ அதற்கு மேலுமோ பதிந்துகொள்ளும். மூன்று ஸ்டாப் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அப்புறம் ஏன் படம் கெடுகிறது? தோலின் வித்தியாசத்தோடு வெளிச்சத்தின் வித்தியாசமும் சேர்ந்துகொள்கிறது. மேலேயிருந்து குத்தும் விளக்கில் கண்குழியும் கன்னத்தின் கீழ்ப்பகுதியும் நெற்றியைவிட இரண்டு மூன்று ஸ்டாப் இருட்டாகிவிடும். சித்தப்பாவின் முகத்தில் அந்த நிழல் விழுந்தால், ஏற்கெனவே கீழே இருக்கும் நிறம் இன்னும் மூன்று ஸ்டாப் இறங்கும். போதாக்குறைக்குப் பின்னால் எரியும் அலங்கார எல்இடி, பளீரென்ற வெள்ளை வேட்டி, கறுப்பு கோட்டு. இதையெல்லாம் ஜேபெக் படமாகச் சுருக்கும்போது கேமரா அடியிலுள்ள நிழல்களை அழுத்திக் கறுப்பாக்கிவிடுகிறது. ஆக, தோலின் இரண்டரை ஸ்டாப்பை நாம் முழுதாக அழிக்க வேண்டியதில்லை. அதன் மேல் வந்து ஏறும் மற்ற மூன்று ஸ்டாப்பைத்தான் முதலில் இறக்க வேண்டும்.

அடுத்தது மீட்டர். செல்போனில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தால் இது பளிச்சென்று விளங்கும். சிவந்த நிறமுள்ள ஒருவரையும் கறுத்த நிறமுள்ள ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். திரையில் கறுத்தவரின் முகத்தைத் தொடுங்கள். போன் அதைச் சாம்பலாக்கப் பார்த்து, படம் முழுவதையும் வெளிச்சமாக்கும், பக்கத்து முகம் வெளிறும். இப்போது சிவந்தவரின் முகத்தைத் தொடுங்கள். அதையும் சாம்பலாக்கப் பார்க்கும், படம் இருண்டுவிடும், கறுத்த முகம் கரியாகும். இரண்டு முறையும் வெளிச்சம் ஒன்றுதான், ஆட்களும் அதே ஆட்கள்தான். மாறியது போனின் ஊகம் மட்டும். குழுவில் வெள்ளைச் சட்டை நிறைய இருந்தாலும் இதே கதை: மீட்டர் பயந்துபோய் எல்லாவற்றையும் இருட்டாக்கும்.

எனவே தோலை அளக்காமல், விழும் வெளிச்சத்தை அளக்க வேண்டும். சினிமாக்காரர்கள் வெள்ளைக் குமிழ் வைத்த கைமீட்டரை நடிகரின் முகத்தருகே பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். அந்தக் குமிழுக்கு யார் கறுப்பு, யார் சிவப்பு என்பதெல்லாம் தெரியாது, வந்து விழும் வெளிச்சம் மட்டுமே தெரியும். கைமீட்டர் இல்லையென்றால் ஒரு சாம்பல் அட்டை போதும். அதுவும் இல்லையென்றால் உங்கள் உள்ளங்கை. முகநிறம் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறினாலும் உள்ளங்கையின் நிறம் அவ்வளவாக மாறுவதில்லை, பெரும்பாலும் அது சாம்பலைவிட ஒரு ஸ்டாப் வெளிச்சமாக இருக்கும். குழு நிற்கும் இடத்துக்குப் போய், உள்ளங்கையை கேமரா இருக்கும் பக்கம் திருப்பிப் பிடித்து, ஒரு சின்ன இடத்தை மட்டும் பார்க்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, வந்த அளவிலிருந்து ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். பிறகு கேமராவை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஐஎஸ்ஓ ஆட்டோவில் கிடந்தால் இத்தனை பாடும் வீண், அதையும் நிறுத்துங்கள்.

இப்படி வைத்தால் சிவந்தவர் சிவப்பாகவும் கறுத்தவர் கறுப்பாகவும், உள்ளபடி வருவார்கள். அதுதான் நாம் வேண்டுவதும். எல்லா முகத்தையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது நோக்கமே இல்லை. அப்படிச் செய்த படங்களில் யாரோ ஒருவர் வேறொருவராகிவிடுகிறார். பெரும்பாலும் கறுத்தவர்தான்! ஒவ்வொரு முகத்திலும் கன்ன மேடும் கண்ணோரச் சுருக்கமும் தெரிகிறதா என்பதே கேள்வி.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கணக்கோடு பார்ப்போம். மாப்பிள்ளை தூத்துக்குடி, பெண் அயர்லாந்து என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு சின்ன மண்டபம், மேடையில் ஒரே வரிசையில் ஆறு பேர். இடக்கோடியில் வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளையின் சித்தப்பா, குழுவிலேயே நல்ல கறுப்பு. அவர் பக்கத்தில் சித்தி, மாநிறம். நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும். அப்புறம் பெண்ணின் அப்பா, வலக்கோடியில் பெண்ணின் அம்மா, மிகச் சிவந்த நிறம். வரிசையின் நீளம் சுமார் 3 மீட்டர். கையில் இருப்பது ஒரு கேமரா, ஒரு ஃபிளாஷ், ஒரு ஸ்டாண்டு, ஒரு பெரிய வெள்ளைக் குடை.

ஃபிளாஷைக் கேமராவின் தலையிலேயே மாட்டி நேராக அடித்தால் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சம் போகும். சித்தப்பாவுக்கும் பெண்ணின் அம்மாவுக்கும் இடையிலுள்ள இரண்டேகால் ஸ்டாப் அப்படியே நிற்கும். இங்கேதான் வெளிச்சத்தின் ஒரு குணம் கைகொடுக்கிறது. விளக்கிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் மளமளவென்று குறையும்: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. தூரம் 1.4 மடங்கானால் ஏறத்தாழப் பாதி, அதாவது ஒரு ஸ்டாப். கறுத்த நிறமுள்ளவர் விளக்குக்குக் கிட்டேயும் சிவந்த நிறமுள்ளவர் விளக்குக்குத் தள்ளியும் நின்றால், இடைவெளி தானாகச் சுருங்கும்.

எனவே ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிக் குடையோடு ஸ்டாண்டில் மாட்டி, ஸ்டாண்டைச் சித்தப்பாவுக்கு நேர் எதிரே 3 மீட்டர் தள்ளி நிறுத்துகிறோம். அங்கிருந்து வலக்கோடியில் நிற்கும் பெண்ணின் அம்மா வரை குறுக்காக அளந்தால் ஏறத்தாழ 4.2 மீட்டர். 3-க்கு 4.2, அதாவது 1.4 மடங்கு. ஒரு ஸ்டாப் குறைகிறது. இரண்டேகால் ஸ்டாப் இடைவெளி ஒன்றேகாலாகிவிட்டது, யாரும் எதையும் கவனிக்கவில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமும் பெண் வீட்டார் ஒரு பக்கமும் நிற்பது வழக்கம் என்பதால், இந்த உதாரணத்தில் யாரையும் இடம் மாற்றக்கூட வேண்டியிருக்கவில்லை, விளக்கை மட்டும் சரியான பக்கம் வைத்தோம். மற்ற குழுக்களில் ஆட்களைக் கொஞ்சம் நகர்த்த வேண்டிவரும். "நீங்க கறுப்பு, இந்தப் பக்கம் வாங்க" என்று சொல்லித் தொலைக்காதீர்கள். "அண்ணே, உயரத்துக்கு இந்தப் பக்கம் நின்னா நல்லா இருக்கும்" என்றால் வேலை முடிந்தது.

ஆசையில் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பக்கவாட்டில் வைத்தால் என்ன? இரண்டு ஸ்டாப் வித்தியாசம் கொண்டுவந்து எல்லா முகத்தையும் சமமாக்கிவிடலாம்தான். ஆனால் படத்தில் சித்தப்பாவின் வேட்டி மடிப்பே தெரியாத வெறும் வெள்ளையாக எரிந்துபோகும், வலப்பக்கத்தில் எல்லோருடைய பட்டும் மங்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒருவர் நிழல் அடுத்தவர் முகத்தில் விழும். தோலின் இடைவெளியில் பாதிக்கு மேல் விளக்கால் சரிசெய்யப் பார்க்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். மீதி இருப்பது அவரவர் நிறம், அது இருந்துவிட்டுப் போகட்டும்.

எக்ஸ்போஷருக்கு வருவோம். ஐஎஸ்ஓ 400, f/8, ஷட்டர் 1/125 என்று வைத்துவிட்டு, ஃபிளாஷைப் பாதிச் சக்தியில் ஆரம்பிக்கலாம். வரிசையின் நடுவில் ஒருவர் கையில் சாம்பல் அட்டையைக் கொடுத்து ஒரு படம். படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமில், அட்டையின் முள் நடுவில் விழும்வரை ஃபிளாஷின் சக்தியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இந்த நிலையில் சித்தப்பாவின் முகம் சாம்பலைவிட முக்கால் ஸ்டாப்புக்குச் சற்று அதிகமாகக் கீழேயும், பெண்ணின் அம்மாவின் முகம் மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் மேலேயும் நிற்கும். அம்மாவின் முகத்துக்கு மேலே இன்னும் இடம் இருக்கிறது. அதனால் மொத்த எக்ஸ்போஷரையும் அரை ஸ்டாப் ஏற்றுகிறோம். இப்போது சித்தப்பா சாம்பலுக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் கீழே, அம்மா முக்கால் ஸ்டாப் மேலே. இரண்டு முகமும் கேமரா மிக நன்றாகப் பதியும் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன.

எதுவரை ஏற்றலாம் என்பதற்குச் சித்தப்பாவின் வேட்டியே அடையாளம். வெள்ளைத் துணி விழும் வெளிச்சத்தில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். எந்தத் தோலும் அவ்வளவு வெள்ளையில்லை. கேமராவில் ஹைலைட் எச்சரிக்கையை இயக்கி வைத்தால், எரிந்துபோன இடங்கள் திரையில் விட்டுவிட்டு மின்னும். வேட்டியின் மடிப்புகள் மின்னத் தொடங்கும் எல்லை வரை ஏற்றி, அங்கே நிறுத்தலாம். ஜரிகையும் நகையும் மின்னினால் விட்டுவிடுங்கள், அவை மின்னத்தான் செய்யும். ஆனால் சிவந்த முகத்தின் நெற்றி மின்னினால் உடனே இறக்க வேண்டும். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: சிவந்த தோலில் சிவப்பு நிறத்தின் அளவுதான் முதலில் நிரம்பும். மொத்த ஹிஸ்டோகிராம் நன்றாக இருப்பதுபோல் காட்டினாலும் சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும், கன்னம் தட்டையான ஆரஞ்சுத் திட்டாக வரும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் உங்கள் கேமராவில் இருந்தால் அதையே பாருங்கள்.

விளக்கு எங்கே என்று பார்த்தாயிற்று. விளக்கு எவ்வளவு பெரிது என்பதும் அதே அளவு முக்கியம், அதிலும் கறுத்த தோலுக்கு. தோலில் பட்ட வெளிச்சம் இரண்டு வழியாகத் திரும்பி வருகிறது. கொஞ்சம் வெளிச்சம் தோலின் மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிறது, அதுதான் பளபளப்பு. மற்றது தோலுக்குள் போய், அங்கே மெலனின் உறிஞ்சியது போக மிச்சம் வெளியே வருகிறது, அதுதான் நிறம். மேற்பரப்பில் தெறிப்பது எல்லாத் தோலிலும் ஏறத்தாழ ஒரே அளவு, நேராகப் பட்டால் சுமார் 4 சதவீதம். உள்ளே போய் வருவதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிவந்த தோலில் 35 சதவீதத்தோடு ஒப்பிட்டால் அந்த 4 ஒன்றுமே இல்லை, கறுத்த தோலில் 8-க்குப் பக்கத்தில் 4 என்பது பெரிய பங்கு. அதனால் சிவந்த முகத்தின் வடிவம் நிழல்களால் தெரிகிறது, கறுத்த முகத்தின் வடிவம் பெருமளவு பளபளப்பால் தெரிகிறது.

இது புரிந்துவிட்டால் பல விஷயங்கள் தாமாகவே விளங்கும். குடையில்லாத சின்ன ஃபிளாஷ், கறுத்த முகத்தில் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகளாகத் தெறிக்கும், மற்ற இடமெல்லாம் இருட்டாகவே இருக்கும். அதே ஃபிளாஷைப் பெரிய குடை வழியாக விட்டால் பளபளப்பு அகலமாக, மென்மையாகக் கன்ன எலும்பின் மேல் படர்ந்து முகத்தை வரைந்து காட்டும். சித்தப்பாவுக்குத் தேவைப்படுவது அதிக வெளிச்சம் மட்டுமில்லை, அகலமான வெளிச்சம். குடை இல்லையென்றால் ஃபிளாஷை வெள்ளைச் சுவரிலோ நாலடித் தெர்மாகோலிலோ திருப்பி அடிக்கலாம். சுவர் பச்சையோ ரோஸோ என்றால் வேண்டாம், அந்த நிறம் முகத்தில் ஏறும். படப்பிடிப்புத் தளங்களில் ஆளுக்கொரு தெர்மாகோலைத் தூக்கிக்கொண்டு நிற்பது சும்மா இல்லை.

பவுடர் விஷயமும் இங்கேதான் வருகிறது. மண்டபத்துச் சூட்டிலும் ஹோமப் புகையிலும் எல்லோருக்கும் வியர்க்கும், படம் எடுக்குமுன் யாராவது பவுடர் டப்பாவோடு ஓடிவருவார்கள். சிவந்த முகத்துக்கு அது பெரிய கெடுதல் செய்யாது. கறுத்த முகத்தில் வெள்ளைப் பவுடர் அந்தப் பளபளப்பைக் கொன்றுவிடும், முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகும், கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று வேறு தெரியும். டிஷ்யூ பேப்பரால் வியர்வையை ஒற்றி எடுத்தால் போதும். லேசான மினுமினுப்பு இருக்கட்டும், அது உங்கள் கட்சி.

சரி, நடுவில் நிற்கும் மாப்பிள்ளையும் பெண்ணும்? இருவரும் ஒட்டி நிற்கிறார்கள், விளக்கிலிருந்து இருவருக்கும் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். கணக்குப் போட்டால் வித்தியாசம் கால் ஸ்டாப்கூட வராது. இங்கே தூரம் உதவாது, முகத்தின் திருப்பம்தான் உதவும். மாப்பிள்ளையின் முகத்தை விளக்கின் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள், பெண் கேமராவை நேராகப் பார்க்கட்டும். விளக்கை நேராகப் பார்க்கும் முகத்துக்கு அதிக வெளிச்சம், சாய்ந்து நிற்கும் முகத்துக்குக் குறைவு. அது போதவில்லையென்றால் ஒருவர் தெர்மாகோலை மாப்பிள்ளையின் இடுப்பு உயரத்தில், படத்துக்கு வெளியே பிடித்துக்கொண்டு கீழிருந்து வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுக்கலாம். ஆறு பேருக்கு நடுவே அதற்கு இடம் கிடைக்காவிட்டால், மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

பின்னணியைப் பற்றி ஒரு வார்த்தை. கருநீலத் திரைக்கு முன்னால் கறுத்த நிறமுள்ளவரின் முடியும் தோளும் திரையோடு கரைந்துவிடும். வெள்ளைப் பூ அலங்காரத்துக்கு முன்னால் சிவந்த நிறமுள்ளவர் கரைவார், கறுத்தவர் வெறும் நிழலுருவாவார். நடுத்தர வெளிச்சமுள்ள பச்சை, மஞ்சள்கலந்த பழுப்பு, செங்கல் நிறம், இவற்றில் எதுவானாலும் இருவருக்கும் பொருந்தும். முதுகுக்குப் பின்னால் எரியும் எல்இடிகளைப் படம் எடுக்கும் ஐந்து நிமிடம் அணைக்க முடியுமா என்று அலங்காரக்காரரைக் கேட்டுப் பாருங்கள். மஞ்சள் பல்புகளையும் சேர்த்து அணைத்தால் இன்னும் நல்லது. ஃபிளாஷ் வெள்ளை, பல்பு மஞ்சள் என்று இரண்டு நிற வெளிச்சம் கலந்தால், சிவந்த முகத்துக்காக நிறத்தைச் சரிசெய்தவுடன் கறுத்த முகம் நீலம்பாரித்துப் போகும்.

கேமரா, ஃபிளாஷ் எதுவும் இல்லாமல் செல்போன் மட்டும் இருக்கிறதென்றால் மேடையை விட்டு இறங்கி வாசலுக்கு வாருங்கள். மண்டபத்தின் போர்டிகோ, வீட்டுத் தாழ்வாரம், பெரிய கட்டடத்தின் நிழல், இவற்றில் ஒன்று போதும். கூரைக்கு ஒரு அடி உள்ளே, திறந்த வானத்தைப் பார்த்தபடி குழுவை நிறுத்துங்கள். வானம் என்பது பெரிய குடைதான், இலவசமாக. கறுத்த நிறமுள்ளவர்களை விளிம்போரமாக முன்வரிசையிலும் சிவந்த நிறமுள்ளவர்களை ஒரு எட்டு உள்ளே பின்வரிசையிலும் வைத்தால், உள்ளே போகப் போக வெளிச்சம் குறைவது அங்கேயும் கைகொடுக்கும். மரநிழலை நம்பாதீர்கள், இலை இடுக்கில் விழும் வெயில் யாராவது ஒருவர் நெற்றியில் பொட்டு வைக்கும். பிறகு திரையில் மாநிற முகம் ஒன்றைத் தொட்டு விரலை அப்படியே அழுத்திப் பிடியுங்கள், ஐபோனில் AE/AF LOCK என்று வரும், மற்ற போன்களில் பூட்டுக் குறி வரும். பக்கத்தில் தெரியும் சூரியக் குறியை இழுத்து, மிகச் சிவந்த முகத்தில் கன்னமும் நெற்றியும் பிரிந்து தெரியும் அளவுக்கு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். 'பியூட்டி' என்று ஒன்று பல போன்களில் இருக்கும். அதை முழுதாக அணைத்துவிடுங்கள். அது கறுத்த முகத்தை வெளுப்பாக்கி, சிவந்த முகத்தின் விவரத்தை வழித்து எடுத்துவிடும். நாம் படும் பாட்டுக்கெல்லாம் நேர் எதிர் வேலை அது.

இந்தத் தொல்லைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. பிலிம் காலத்தில் கோடக் நிறுவனம், போட்டோ அச்சிடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வைக்கும். அதில் சிவந்த நிறமுள்ள ஒரு பெண் இருப்பார். 1950-களில் முதலில் அதற்கு நின்ற கோடக் ஊழியரின் பெயர் ஷெர்லி, அதனால் பின்னால் வேறு பெண்கள் வந்தபோதும் அந்த அட்டைக்கு ஷெர்லி கார்டு என்றே பெயர். அந்த முகம் நன்றாக வந்தால் அச்சிடும் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் சேர்ந்து நின்ற பள்ளிப் படங்களில் கறுப்பினக் குழந்தைகளின் முகம் விவரமில்லாமல் போனது. வேடிக்கை என்னவென்றால், அடர்பழுப்பு நிறங்கள் சரியாக வருவதில்லை என்று சாக்லெட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் முறையிட்ட பிறகுதான் பிலிமில் அதைச் சீர்செய்யும் முயற்சி வேகம் பிடித்தது. பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. ஆக, "கறுப்பு படத்தில் விழாது" என்ற பேச்சுக்குப் பின்னால் எதை வைத்துக் கருவியைச் சரிபார்த்தார்கள் என்ற கதை இருக்கிறது.

படம் எடுத்தாயிற்று, இனிக் கம்ப்யூட்டர். ரா கோப்பில் எடுத்திருந்தால் கை தாராளமாக இருக்கும், ஜேபெக்காக இருந்தால் அரை ஸ்டாப்புக்கு மேல் இழுக்காதீர்கள். லைட்ரூம் போன்ற மென்பொருளில் முதலில் Highlights கொஞ்சம் கீழே, வேட்டியின் மடிப்பும் சிவந்த கன்னமும் திரும்பி வரும். அடுத்து Shadows கொஞ்சம் மேலே. ஆசைக்கு எல்லை இங்கேதான் வேண்டும். Shadows அதிகமானால் கறுத்த முகம் வெளிச்சமாவதைப் போலத் தெரியும், ஆனால் உண்மையில் சாம்பல் பூக்கும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: முகத்தைப் பார்க்காதீர்கள், தலைமுடியைப் பாருங்கள். சித்தப்பாவின் மீசையும் சித்தியின் கொண்டையும் கறுப்பிலிருந்து அடர்சாம்பலாக மாறியிருந்தால் இழுப்பு அதிகம். பாதிக்கு இறக்குங்கள், பிறகு Blacks-ஐ ஒரு துளி கீழே கொண்டுவாருங்கள். முடி கறுப்பானவுடன் முகத்தின் நிறமும் உயிர்பெறும்.

அதற்கு மேலும் ஒரு முகத்துக்கு வெளிச்சம் தேவைப்பட்டால், அந்த முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு Exposure-ஐ ஏற்றலாம். இப்போது மென்பொருளே ஆளை அடையாளம் கண்டு முகத்தோலை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. மாப்பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் போதும், அரை ஸ்டாப் தாண்டினால் கழுத்தும் கையும் காட்டிக்கொடுத்துவிடும். அதே மாஸ்க்கில் Contrast-ஐக் கொஞ்சம் கூட்டுவது இன்னும் நல்ல வழி. பளபளப்புள்ள இடங்கள் மேலே வரும், நிறம் அப்படியே இருக்கும், முகம் தெளிவாகும். சிவந்த முகத்துக்கு எதிர் வேலை: Contrast-ஐக் கூட்டினால் தோலிலுள்ள சிவப்புத் திட்டுகள் எடுப்பாகிவிடும், அதை விட்டுவிடுங்கள்.

ஆல்பத்துக்கு அச்சடிப்பதென்றால் இன்னொரு விஷயம். காகிதம் திரையைப் போல ஒளிராது, அடிநிழல்கள் திரையில் தெரிவதைவிட இருட்டாகவே அச்சாகும். அதில் முதலில் அடிபடுவது கறுத்த முகம்தான். திரையின் வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு வேலை பார்த்திருந்தால் இது நிச்சயம். அதனால் மொத்த ஆல்பத்தையும் அனுப்புமுன் இந்த ஒரு படத்தை மட்டும் சின்ன அளவில் அச்சடித்து, மண்டப வெளிச்சத்தில் இல்லாமல் வீட்டுக் கூடத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், ஆல்பத்தைப் பிரிக்கப்போவது அங்கேதானே.

முப்பது பேர் மேடையில் மூன்று வரிசையாக ஏறிவிட்டால் மேலே சொன்ன தூரக் கணக்கு உதவாது. நிறங்கள் எல்லா இடத்திலும் கலந்து நிற்கும், யாரையும் நகர்த்தவும் நேரமிருக்காது. அப்போது நோக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்: கேமராவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குடை, இரண்டையும் ஆறு மீட்டருக்குக் குறையாமல் தள்ளி, உயர்த்தி வையுங்கள். தள்ளி இருப்பதால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் வெளிச்சம் அதிகம் மாறாது. இடக்குடையை வலக்கோடி ஆளைப் பார்த்தும், வலக்குடையை இடக்கோடி ஆளைப் பார்த்தும் திருப்பினால் நடுவில் வெளிச்சம் குவியாது. எக்ஸ்போஷரை வேட்டி மடிப்பை வைத்து முடிவு செய்து, ரா கோப்பில் எடுத்து, மிச்சத்தை மாஸ்க்கில் பாருங்கள். குடை அவ்வளவு தூரம் போனால் அகலமும் சுருங்கிவிடும் என்பதால் கறுத்த முகங்களில் பளபளப்பு கொஞ்சம் கூர்மையாகத்தான் வரும். அதற்கு அந்த இடத்தில் வேறு வழியில்லை.